நிலையான வருமானம் வேண்டாம் என்றவர்

பேராசிரியர் ஷம்சுத்தீன் இறந்த செய்தி எங்கள் தமிழ்ப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில், பொங்கல் விழாவுக்கு வாகனம் நிறுத்தும் இடம் பற்றிய ஓர் அறிவிப்புக்கும் யாரோ விற்க வைத்திருந்த சைக்கிளின் படத்துக்கும் நடுவில் வந்தது. செயலாளர் ரவீந்திரன்தான் போட்டிருந்தார். பெயரைத் தவறாக எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அவற்றில் பாதிக் கைகள், நான்கு வருடங்களுக்கு முன்பு "அந்த மனுசனை இனி மேடையில ஏத்தக்கூடாது" என்று தீர்மானம் போடத் தூக்கப்பட்ட கைகள். நான் மறக்கவில்லை. மறக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவர் இறந்தது டெக்ஸாஸில், ஆலன் நகரில், மகள் ரெஹானாவின் வீட்டில். காலையில் போனவரை அன்று பிற்பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். நியூ ஜெர்சியிலிருந்து யாரும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் எப்படியும் ஆலனுக்குப் போகவேண்டியவன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வெஸ்ட் வின்ட்சரில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் நடந்த எங்கள் ஞாயிறு பள்ளியை உங்களில் பலர் அறிவீர்கள். யாழ்ப்பாணத்தவர் தொடங்கியது. பேர்ணாம்பட்டைச் சேர்ந்த ஒரு முஸ்லிம், ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர், தன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்து நின்றபோது சிலர் முகத்தில் தெரிந்த வியப்பு எனக்கு நினைவிருக்கிறது. அன்று நான் பெற்றோருக்கு ஓர் உரை நிகழ்த்தினேன். அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரியில் பாடம் நடத்தி, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் வெளியே அனுப்பப்பட்டு, ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விதிமுறைகளைச் சரிபார்க்கும் வேலையில் ஒதுங்கியவன் நான். எங்கள் இனம் எல்லாவற்றையும் இழந்துவிட்டது, இனி இந்தப் பள்ளிக்கூடங்கள் வெறும் ஆறுதல் என்பதுதான் உரையின் சாரம். முடிந்ததும் அவர் வடைத் தட்டோடு என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"நல்லா பேசினீங்க. தோத்துட்டோம், தோத்துட்டோம்னு ஒரு மணி நேரம். மறுநாள் காலையில எழுந்து என்னா பண்ணணும்னு சொல்லவே இல்லியே?"

"சேர், அதுக்கு ஒருத்தரிட்டயும் பதில் இல்லை."

"இருக்கு. நான் முப்பது வருஷமா அதைத்தான் பாடம் நடத்தினேன். வடை ஆறுது, சாப்பிடுங்க."

அவர் பாடம், 1857 கிளர்ச்சிக்குப் பிறகான வட இந்திய முஸ்லிம்கள். பெயரளவுக்கு இருந்த கடைசி முகலாய அரசரும் நாடு கடத்தப்பட்டார். டெல்லி நகரத்து முஸ்லிம்கள் வெளியே துரத்தப்பட்டார்கள். மசூதிகள் படைமுகாம்கள் ஆயின, மதரசாக்கள் இடிக்கப்பட்டன. அறிஞர்களில் சிலர் தூக்கில், சிலர் அந்தமானில். அதைவிட ஆழமான இழப்பு ஒன்று உண்டு என்பார். அதுவரை கல்விக்குச் சோறு போட்டவை அரசவையும் நவாபுகளும் மானிய நிலங்களும். அவை வற்றிவிட்டன. ஆட்சி போனதோடு ஆசிரியர்களுக்கு உலை வைக்கும் ஏற்பாடும் போயிற்று.

அதற்குப் பத்தாண்டுகள் ஆவதற்குள், டெல்லிக்கு வடக்கே தேவ்பந்த் என்ற சிற்றூரில், நடுத்தரக் குடும்பத்து அறிஞர்கள் சிலர் ஒரு பழைய மசூதியில் பாடம் தொடங்கினார்கள். ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், மாதுளை மரத்தடி. நான் இந்த மாதுளை மரக் கதையை எங்கோ படித்திருந்தேன். உருக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"மரத்தை விடுங்க. மரத்தடியில பாடம் நடத்தறது எந்த ஊர்ல இல்ல? ஆபீஸைப் பாருங்க."

ஆபீஸ் என்று அவர் சொன்னதுதான் விஷயம். பழைய முறையில் கல்வி ஒரு குடும்பத்தின் வீட்டில் இருந்தது. மாணவன் ஒரு நூலை ஓர் ஆசிரியரிடமும் இன்னொன்றை வேறோர் ஊர் ஆசிரியரிடமும் படித்து, நூலுக்கு நூல் கற்பிக்கும் அனுமதி வாங்குவான். ஆசிரியர் இறந்தால் மகன், மகன் சரியில்லையென்றால் அதோடு சரி. தேவ்பந்தில் வந்தது வேறு. சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள், நிர்வாகத்துக்குத் தனியாக ஒருவர், கல்விக்குத் தனியாக ஒருவர், மேலே ஓர் ஆலோசனைக் குழு. வகுப்புகள், வரையறுத்த பாடத்திட்டம், வருடாந்தத் தேர்வு, பரிசளிப்பு. யாரிடம் தோற்றார்களோ அவர்களுடைய பள்ளிக்கூடத்தைப் பார்த்தே அதன் அமைப்பை எடுத்துக்கொண்டார்கள். உள்ளே வைத்தது தங்கள் நபிமொழியும் சட்டமும் இலக்கணமும். அரசு மானியம் கேட்கவில்லை. ஊர் ஊராகச் சாதாரண மக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். தபாலும் ரயிலும் அதற்கு உதவின. தானியம் தந்தவர், துணி தந்தவர், புத்தகம் தந்தவர் எல்லோர் பெயரும் ஆண்டறிக்கையில் அச்சாகும். வெளியூர் மாணவனுக்கு உள்ளூர்க் குடும்பம் ஒன்று சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்கும். "சுல்தான் பாத்துக்கிட்டதை இப்ப தையக்காரன் பாத்துக்கிட்டான்" என்பது அவர் வாக்கியம்.

அவரைக் குறையில்லாதவராகக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. அவரும் தான் படித்த மனிதர்களைக் குறையில்லாதவர்களாகக் காட்டியதில்லை. ஒருமுறை பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் மேடையில் நான் அவரைச் சீண்டினேன். "உங்கட ஆக்கள் ஆங்கிலத்தையும் விஞ்ஞானத்தையும் வெளியில விட்டிட்டினமே, சேர்? தங்களைத் தாங்களே பூட்டி வைச்சினம்."

"அரசாங்கப் பள்ளிக்கூடம் அதை நடத்துதே, நம்ம கைக்காசு நம்ம கிட்ட மட்டும் இருக்கற படிப்புக்குப் போகட்டும்னு நெனச்சாங்க. முடிச்சிட்டு அங்க போய்ப் படிக்கலாம்னுகூட சொன்னாங்க. ரொம்பப் பேர் போகல. அது நஷ்டம்தான்."

தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "எங்க சின்னத்தா, அத்தாவோட தம்பி, வேலூர்ல மதரசாவுல ஓதினவர். ஊருக்குத் திரும்பி வந்ததும் எங்கம்மாவை தர்காவுக்குப் போகக்கூடாதுன்னுட்டார். மார்க்கத்துல இல்லாததாம். அம்மா அதுக்கப்புறம், தர்காவுக்குப் போய்க்கிட்டிருந்த வியாழக்கிழமை சாயங்காலம் வாசல்லயே நிப்பாங்க. எங்கயும் போகமாட்டாங்க, சும்மா நிப்பாங்க. அந்தச் சின்னத்தாதான் தெருவுல இருக்கற அத்தனை பொண்ணுங்களுக்கும் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். நான் யாரைக் கோச்சிக்கறது?"

ரயில் வந்துவிட்டது.

எனக்கு அவர் மீது ஒரு மனத்தாங்கலும் உண்டு. தோல்வியைப் பற்றி நான் எழுதிய நூலின் கைப்பிரதியை அவரிடம் கொடுத்து முன்னுரை கேட்டேன். திருப்பிக் கொடுத்தார். "இதுல தோத்தவங்க எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க. அப்படி ஒரு தோல்வி உலகத்துல நடந்ததே இல்ல. முன்னுரை எழுதமாட்டேன்" என்றார். நூல் முன்னுரை இல்லாமல் வெளிவந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்பது வேறு விஷயம்.

இனி, அவரை மேடையில் ஏற்றக்கூடாது என்று தீர்மானம் போடவைத்த விழா. தேவாலயத்தார் அடித்தளத்தைத் தங்கள் குழந்தைகள் காப்பகத்துக்கு எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்ன வருடம் அது. எங்கள் வட்டாரத் தமிழர்களில் பெரிய பணக்காரரான டொக்டர் குணாளன் ஒரு கட்டடம் தர முன்வந்தார். கட்டடம் மட்டுமல்ல, ஆண்டுதோறும் பள்ளியின் முழுச் செலவும். பதிலுக்குக் குழுவில் அவர் குடும்பத்துக்கு நிரந்தர இடம், தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. கமிட்டி உச்சி குளிர்ந்துவிட்டது. கமிட்டியில் ஒருவனான நான் எதிர்த்தேன். எனக்கு டொக்டரைப் பிடிக்காது என்பதால் எதிர்க்கிறேன் என்றார்கள். அது உண்மைதான், ஆனால் அது மட்டும் காரணமில்லை.

டொக்டருக்குப் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. ஷம்சு சார் எப்போதும் சொல்லும் அந்த மதரசாவுக்கு அதன் நிறுவனர் எட்டுக் கோட்பாடுகள் வகுத்திருந்தார் என்பது ரவீந்திரனுக்குத் தெரியும். பழம்பெரும் அறிஞர் ஒருவர் கல்விக்கு வகுத்த கோட்பாடுகள்! மேடையில் வாசிக்க இதைவிடப் பொருத்தமானது உண்டா? தமிழில் எழுதித் தருமாறு கேட்டார். ஷம்சு சார் எழுதிக் கொடுத்தார். ரவீந்திரன் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசித்துப் பார்க்கவில்லை.

மாலை போட்டாயிற்று. டொக்டர் முன்வரிசையில் மனைவியோடு. ரவீந்திரன் தன் வானொலிக் குரலில் தொடங்கினார். நன்கொடையைப் பெருக்க எல்லோரும் முயலவேண்டும். கைதட்டல். மாணவர் உணவுக்கு ஏற்பாடு தொடரவேண்டும். கைதட்டல். குழுவினர் தம் சொல்லே நிற்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் பிறர் கருத்தைக் கேட்கவேண்டும். சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஆறாவது வந்தது. பள்ளிக்கு நிலையான வருமானம் இல்லாதவரை இறைவனை நம்பி அது நடந்துகொண்டிருக்கும். சொத்தோ தொழிற்சாலையோ ஒரு செல்வந்தரின் உறுதிமொழியோ கிடைத்துவிட்டால் அச்சமும் நம்பிக்கையும் போய்விடும், மறைவான உதவி நின்றுவிடும், பணிசெய்வோரிடையே சச்சரவு எழும் என்பது அதன் கருத்து. ரவீந்திரனின் குரல் வேகம் குறைந்தது. ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. ஏழாவது: அரசும் செல்வந்தரும் நிர்வாகத்தில் பங்குபெறுவது கேடு. எட்டாவது: புகழை எதிர்பாராதவர் தரும் நன்கொடையிலேயே அதிக அருள் உண்டு.

கைதட்டல் இல்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும், "அம்மா, ஏன் க்ளாப் பண்ணல?" என்று கேட்டது.

டொக்டர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கட்டடமும் போயிற்று. பிறகு, அந்தத் தீர்மானம் போட்ட கமிட்டிக் கூட்டத்தில் ரவீந்திரன் கொதித்தார்.

"சேர், நீங்கள் வேணுமெண்டுதானே செய்தனீங்கள்? எங்கட பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் வேண்டாமோ?"

"கேட்டீங்க, எழுதிக் கொடுத்தேன். படிச்சிப் பாக்காம மேடை ஏறினா நான் என்னா பண்றது?"

"பிள்ளையள் இனி எங்க படிக்கிறது? ரோட்டிலயோ?"

ஷம்சு சார் முகத்தில் சிரிப்பு இல்லை. பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்பது அவருக்கும் கேள்விதான். அவர் பேத்தி சஃபியாவும் அதில் ஒருத்தி. "கட்டடத்தை வேணாம்னு சொன்னா, அதுக்கு அடுத்து என்னா பண்ணாங்கன்னும் சொல்லணும் இல்லியா" என்று ஆரம்பித்து, அன்று மேசையில் காகிதத் தட்டுகளை வைத்து விளக்கினார். தேவ்பந்தில் படித்து முடித்தவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பிச் சிறு மதரசாக்கள் தொடங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த ஊர்க் குழு, அந்த ஊர் நன்கொடை. தாய்ப்பள்ளி அவற்றை ஆளவில்லை. பல இடங்களில் பாடத்திட்டம் ஒன்று. தேர்வு நடத்தவும் பார்வையிடவும் தாய்ப்பள்ளியின் ஆசிரியர்கள் பயணம் போவார்கள். ஒன்று மூடினால் மற்றவை விழாது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்த வலை வங்காளம் முதல் பெஷாவர் வரை பரவியிருந்தது. "ஒரு பெரிய கட்டடத்தைப் பூட்டறது சுலபம். நாப்பது சின்ன ரூமைப் பூட்டறது கஷ்டம்."

வேறு இடமும் கிடைக்காமல், அப்படித்தான் எங்கள் பள்ளி ஐந்து வீடுகளாகப் பிரிந்தது. அடித்தளக் கூடங்கள், ஒரு கார் கொட்டகை. ஆண்டறிக்கை ஒன்று, அதில் கொடுத்த எல்லோர் பெயரும். அகர வரிசையில் போடவேண்டும் என்பது மட்டும் அவருடைய சொந்தச் சேர்க்கை. தேர்வுக்கு ஒரு கிளையின் ஆள் இன்னொரு கிளைக்குப் போகவேண்டும். பாடம் நடத்தியவர் அறைக்குள் இருக்கக்கூடாது. என்னைத் தேர்வாளராகப் போடச் சொன்னவர் அவர்தான். "இவருக்கு யாரையும் பிடிக்காது. சரியான ஆள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ரெஹானாவுக்கு வேலை டெக்ஸாஸுக்கு மாறியபோது அவரும் ஆலனுக்குப் போனார். ஆறு மாதத்தில் ஆறாவது கிளை. ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில், ஞாயிறுகளில், காத்திருப்பு அறையில். அந்தக் கிளையின் ஆண்டுத் தேர்வுக்குத்தான் நான் போகவேண்டியிருந்தது. அவர் இறந்த மறுவாரம்.

தேர்வு தள்ளிவைக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தேன். யாரும் தள்ளிவைக்கவில்லை. தூத்துக்குடிக்காரப் பெண் ஜெனிட்டா கிளினிக் கதவைத் திறந்துவிட்டாள். அவள்தான் இரண்டாம் நிலை ஆசிரியை.

"வாங்க அங்கிள். பிள்ளைங்க ரெடி. நான் கார்ல போய் இருக்கேன், ரூல் அதான?"

பிள்ளைகள் பல்லின் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து எழுதினார்கள். சஃபியா நன்றாகவே எழுதினாள். வாய்மொழித் தேர்வில் நான் தமிழில் கேட்ட கேள்விக்கு, "கேன் ஐ ஆன்சர் இன் இங்கிலீஷ், ஜஸ்ட் டுடே?" என்றாள். முடியாது என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு தமிழில் சொன்னாள்.

மாலையில் பெற்றோர் கூடினார்கள். டொக்டர் குணாளன் நியூ ஜெர்சியிலிருந்து தொலைபேசியில் பேசியிருந்தாராம். ஷம்சுத்தீன் பெயரில் ஒரு நிதியம்; ஆறு கிளைகளுக்கும் ஆண்டுதோறும் செலவு; நிபந்தனை எதுவும் இல்லை. ஆலன் பள்ளிக்கும் அதே பெயர், ரெஹானா தலைவி. பெற்றோர் சிலர் அழுதார்கள். நல்ல மனத்தோடுதான் எல்லோரும் பேசினார்கள். அதுதான் ஆபத்தாக இருந்தது. நிபந்தனை இருந்தால் எதிர்ப்பது எளிது. ஷம்சு சார் பெயராலேயே அவருடைய பள்ளியை ஒரு குடும்பத்தின் சொத்தாகவும் ஒரு செல்வந்தரின் உறுதிமொழியாகவும் மாற்றிவிட ஒரு மாலை நேரம் போதும்.

ரெஹானா என்னைப் பார்த்தாள். "அங்கிள், நீங்க சொல்லுங்க. அத்தா பேர் வைக்கறதுல என்ன தப்பு? அவங்களுக்குன்னு ஒண்ணும் இல்லையே இங்க."

தந்தையை மண்ணில் வைத்து ஒரு வாரமான மகளிடம் என்ன சொல்வது? டொக்டரைத் திட்டுவதற்கு எனக்கு வாக்கியங்கள் எப்போதும் தயார். அவை அந்த அறையில் பயன்படவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன். அந்த மதரசாவைத் தொடங்கியவர்கள் பணக்காரரின் காசை ஒருபோதும் தொடவில்லை என்பதல்ல. கொடுத்தால் வாங்கினார்கள், மற்றவர்களைப் போலவே அவர் பெயரையும் அச்சிட்டார்கள். வேண்டாம் என்றது அடுத்த வருடத்தைப் பற்றிய வாக்குறுதியை. அடுத்த வருடம் நிச்சயம் என்று ஆகிவிட்டால் தையற்காரன் வரமாட்டான். அவன் வராவிட்டால் அது அவனுடைய பள்ளி இல்லை.

ரெஹானா தன் தொலைபேசியை எடுத்தாள். டொக்டரை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"டாக்டர் அங்கிள், ஃபண்ட் வேணாம். இந்த வருஷம் நீங்க குடுக்கணும்னு நெனச்சா குடுங்க. எல்லாரும் குடுக்கற மாதிரி. அடுத்த வருஷம் நாங்க திரும்பவும் வந்து கேப்போம்."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். நான் அவரை அவ்வளவு காலமாக வெறுத்தும், அவரைச் சரியாகத் தெரிந்துவைத்திருக்கவில்லை.

"என்ர பேர் எந்த இடத்தில வரும், பிள்ளை?"

ரெஹானா வரிசையைப் பார்த்தாள். "கீதா ஆன்ட்டிக்கு அப்புறம்."

"கீதா என்ன குடுத்தவ?"

"ரெண்டு ஒயிட் போர்டு, ஒரு பெட்டி மார்க்கர்."

"சரி" என்றார். "அவ எனக்கு முன்னால வரட்டும். சேர் சிரிப்பார்."

ஷம்சு சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான். எந்தச் சண்டை எவ்வளவு கசப்பாக முடிந்தாலும், மேல்சட்டையை மாட்டிக்கொண்டே அவர் ஒரு கேள்வி கேட்பார்: "அடுத்த ஞாயிறு சாவி யார்கிட்ட?" என் மனத்தாங்கல்கள் அப்படியே இருக்கின்றன, ஒன்றையும் நான் விடுவதாக இல்லை. ஆனால் அன்று மாலை எல்லோரும் கலைந்தபோது அந்தக் கேள்வியை நான் கேட்டேன். ஜெனிட்டா கைப்பையைத் துழாவி, "எங்கிட்டதான் அங்கிள்" என்று சாவியை எடுத்துக் காட்டினாள்.